எதைவிட இருமடங்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையக் கடையொன்றில் வெந்நீர்க் குடுவையின் தலைப்பு, ‘உலகிலேயே சிறந்தது, போட்டி நிறுவனத்தின் குடுவையைவிட இருமடங்கு நேரம் சூடு காக்கும்’ என்றிருந்தது. விவரத்தின் கடைசி வரியை, அதுவும் பொடி எழுத்தில், படித்தபோதுதான் விற்பவர் தம்முடைய ஒரு லிட்டர் குடுவையை அடுத்தவரின் அரை லிட்டர் குடுவையோடு ஒப்பிட்டிருப்பது தெரிந்தது. கொள்ளளவு கூடக்கூட, நீரின் அளவை நோக்கச் சூடு வெளியேறும் பரப்பு குறைவதால், பெரிய குடுவை மெதுவாக ஆறுவது இயல்பே. அதில் தயாரிப்பின் திறமை ஏதுமில்லை. ‘சிறந்தது’ என்பதையோ எந்த அளவுகோலாலும் சோதிக்க முடியாது. ‘ஒரு லிட்டர், 95 டிகிரி நீர் 12 மணி நேரத்துக்குப் பின் 65 டிகிரி’ என்பதுபோல் விற்பவர் தாம் அளந்ததை மட்டும் தலைப்பில் எழுதியிருந்தால், பிறர் பெயரை இழுக்காமலே வாங்குபவர் தாமே ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்