உழவர் சங்க ஆண்டறிக்கை 2025–26: சாகுபடி நோட்டைக் கணக்குப் பட்டியலாக்கிய பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம். சங்கத்தின் வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், இவ்வாண்டு நாம் அதிக நேரம் செலவிட்ட ஒரு பணியைப் பற்றி மட்டும் இவ்வறிக்கையில் எழுதுகிறேன். உறுப்பினர்கள் குறுவைக்கு எழுதி வைத்திருந்த சாகுபடி நோட்டுகளை வாங்கி, தேதி, வயல், வேலை, இடுபொருள், அளவு, செலவு என்ற கட்டங்கள் கொண்ட வரிசைகளாக மாற்றினோம். ஒரு வாக்கியம் ஒரு வரிசையாகிவிடும் என்று தொடக்கத்தில் எண்ணினோம். அது பிழை என்பதை முதல் நோட்டின் இந்தப் பதிவே காட்டியது:

“ஆடி 19. பதினெட்டுக்கு முந்தின நாள் கிழக்கு ஆறு மாவில் களை எடுத்தாயிற்று. ஒன்பது பெண்கள், அரை நாள், ஆளுக்கு 200. நாலு பேருக்குப் பாக்கி. இன்று அதிலேயே யூரியா ஒரு மூட்டை போட்டோம், நானும் தம்பியும். ஆடி 10ல் ரெண்டு மூட்டை 533க்கு வாங்கினது.”

எழுதிய நாள் ஒன்று, களை எடுத்த நாள் வேறு, உரம் வாங்கிய நாள் வேறு, கூலிப் பாக்கி தீரப்போகும் நாள் இன்னொன்று. 2025இல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3ஆம் தேதி வந்ததால், அதைக் கொண்டு மற்ற நாள்களை எண்ணி எடுத்தோம். வேலை எந்த நாளில் நடந்ததோ அந்த நாளையே வரிசையின் தேதியாகக் கொள்வது என்று முடிவு செய்தபின் பதிவு இவ்வாறு அமைந்தது:

```
02-08-2025 | கிழக்கு | களை | பெண் ஆள் | 9 அரை நாள் | 1800
04-08-2025 | கிழக்கு | மேலுரம் | யூரியா | 45 கிலோ | 266.50
04-08-2025 | கிழக்கு | மேலுரம் | சொந்த ஆள் | 2 பேர் |
```

கூலியில் அன்று கைமாறியது 1,000 ரூபாய்தான் என்றாலும், களைச் செலவு 1,800 ரூபாய் என்றே எழுத வேண்டும். பாக்கி 800 ரூபாய் குறிப்புப் பகுதிக்குப் போகும். பத்து நாள் கழித்து “பாக்கி கொடுத்தேன் 800” என்று நோட்டில் வரும்போது அதற்குப் புதிய வரிசை போடக் கூடாது. நாங்கள் முதலில் போட்டுவிட்டோம். ஒரே வயலில் ஆள் எண்ணிக்கை இல்லாத களைச் செலவு ஒன்று தனியே நின்றதைப் பார்த்த பிறகே பிழை புலப்பட்டது. அளவு காலியாக இருந்து தொகை மட்டும் இருக்கும் வரிசை எதுவாயினும் அதை நோட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது.

உரத்திலும் இதே இரட்டைப்பு நேர்ந்தது. வாங்கிய 533 ரூபாயையும் இட்ட மூட்டையின் 266 ரூபாய் 50 காசையும் ஒரே பட்டியலில் எழுதினால், வீட்டில் மீதமிருக்கும் மூட்டையும் பயிர்ச் செலவில் சேர்வதோடு, இட்ட மூட்டை இருமுறை கணக்காகிறது. ஆகவே வாங்கியவற்றுக்கு இருப்புத் தாள் ஒன்றைத் தனியாக வைத்தோம். வாங்கியதில் இட்டதைக் கழித்தால் வருவது, வீட்டில் கிடக்கும் மூட்டையுடன் பொருந்த வேண்டும். யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோதான். பழைய பழக்கத்தில் அதை 50 கிலோ என்று பெருக்கியவர்களுக்கு இந்தச் சரிபார்ப்பு பொருந்தாமல் போயிற்று.

மூன்றாவது வரிசையில் செலவுக் கட்டம் வெறுமையாக இருப்பதைச் சிலர் கேட்டார்கள். அங்கே சுழியம் எழுதினால் அந்த வேலைக்கு மதிப்பே இல்லை என்று பொருளாகும். ஊகத் தொகை எழுதினால் நோட்டில் இல்லாததை நாம் சேர்த்ததாகும். வீட்டார் உழைப்பு எவ்வளவு என்பதாவது பதிவில் நிற்கட்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அறுவடையில் ஒரு சிக்கல் வந்தது. “மிஷின் 2.15 மணி, 5,400” என்று ஒருவர் எழுதியிருந்தார். அது இரண்டேகால் மணி நேரம், பட்டியலில் 2.25 என்று வர வேண்டும். மணிக்கு 2,400 ரூபாய் வாடகையால் தொகையை வகுத்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. 2.15 என்றே விட்டிருந்தால் நேரமும் தொகையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயிருக்காது.

எந்த வயல் என்று எழுதாத பதிவுகளையும், “மருந்து அடித்தோம்” என்று பெயரோ அளவோ இன்றி முடியும் பதிவுகளையும் உரியவரிடமே கேட்டோம். நினைவில்லை என்று அவர் சொன்னால் கேள்விக்குறி இட்டு விட்டுவிட்டோம். “பயிர் தூர் கட்டவில்லை, இலை வெளுத்திருக்கிறது” என்பது போன்ற வரிகள் செலவுப் பட்டியலில் அடங்கா. ஆனால் பின்னால் உரம் ஏன் கூடுதலாக இடப்பட்டது என்பதற்கு அவையே காரணம் சொல்வதால், ஒவ்வொரு வரிசையின் இறுதியிலும் நோட்டின் பக்க எண்ணைக் குறித்து, நோட்டுகளை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தோம்.

சம்பா நோட்டுகளில் இன்னும் பட்டியலாக்காதவை உள்ளன. அவற்றை ஒப்படைக்க வேண்டியவர்கள், ஒவ்வொரு வயலும் எத்தனை மா என்பதை முதல் பக்கத்தில் எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்