ஆயிரம் நாள் போர்டும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப் விபத்தே இல்லாமல் ஆயிரம் நாளைத் தாண்டியதைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் படத்தில் இருப்பது போர்டும் லட்டு டப்பாவும்தான், அந்தப் பசங்க உண்மையில் என்ன செய்தார்கள் என்பது செய்தியில் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பிரஸ்ஸில் அச்சு மாட்டும் டை செட்டராக இருந்தவன், அங்கே இரண்டு முறை டை வேலைக்காகப் போய் வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'விபத்தில்லா நாட்கள்' போர்டைப் பார்த்தால் எனக்குச் சட்டென்று நம்பிக்கை வராது. அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதனால் நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் விரலில் நாலு தையல் போட்ட பையனை மறுநாளே ஆட்டோ வைத்து அழைத்து வந்து டைம் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், ஆள் வேலைக்கு வந்தாச்சு, போர்டில் நம்பர் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த மாதம் எல்லோருக்கும் ஸ்டீல் டிபன் கேரியர் கொடுத்தார்கள், நானும் வாங்கினேன்.

இங்கே நான் வேறொன்றைப் பார்த்தேன். மெஷின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது, அடிபடாமல் தப்பித்ததையெல்லாம் அதில் எழுதுகிறார்கள். எண்ணெய்க் கறையோடு முக்கால்வாசி நிரம்பியிருந்தது. அதில் ஒரு பக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர்களிடம் பழைய காலத்து கீ கிளட்ச் பிரஸ் இரண்டு இருக்கின்றன. இந்த வகையில் கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால், தகட்டை அடிக்கும் ராம் கீழே போய் மேலே வந்துதான் நிற்கும், நடுவில் யாராலும் நிறுத்த முடியாது. அதனால் கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லும் லைட் கர்ட்டனை இதில் மாட்டுவது வீண்: கை உள்ளே போனது அதற்குத் தெரியும், ஆனால் தெரிந்து என்ன செய்ய? சரி, இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்பிரிங் உடைந்தால் பட்டனைத் தொடாமலேயே ராம் இரண்டாவது முறை இறங்கும். 'ரிப்பீட் அடிக்குது' என்போம். அடித்த பீஸை எடுக்கக் கை உள்ளே போகிற அதே நொடியில் இறங்கும். என் வலது ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லாததற்கு இதுதான் காரணம்.

இவர்கள் அந்த இரண்டு பிரஸ்ஸுக்கும் முன்பக்கம் நிரந்தரமாகக் கம்பிவலை அடித்துவிட்டார்கள். தகடு நுழைகிற அளவுக்கு மட்டும் ஒரு சந்து, அதில் விரல் போகாது. அடித்த பீஸ் பின்பக்கச் சரிவில் தானாக வழுக்கி டப்பாவில் விழும். வலை போட்ட புதிதில் உற்பத்தி குறைந்திருக்கிறது. பீஸ் சரிவில் மாட்டிக்கொள்ளும், எடுக்க வேண்டுமென்றால் மோட்டாரை ஆஃப் பண்ணி ஃபிளைவீல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். 'வலையைக் கழட்டிடலாம்' என்று பேச்சு வந்தபோது ஆபரேட்டர்களே வேண்டாம் என்று சொல்லி, சரிவின் சாய்வைக் கூட்டிப் பார்த்து, காற்றுக் குழாய் ஒன்று வைத்து ஊதித் தள்ள வழி செய்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆனதாம்.

நோட்டில் இருந்த சங்கதி இதற்கு அப்புறம் நடந்தது. இரவு ஷிப்டில் ராம் ஒரு தடவை தானாக இறங்கியது. கை வெளியே, வலைக்கு இந்தப் பக்கம், யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு தடவைதானே, விடு என்று ஓட்டியிருக்கலாம், அவசர ஆர்டர் வேறு. அந்த ஆபரேட்டர் மெயினை ஆஃப் செய்து பூட்டைப் போட்டுவிட்டு சூப்பர்வைசரை எழுப்பியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் இரண்டு துண்டு. அன்றைக்கு நாலு மணி நேரம் வேலை போனது. சூப்பர்வைசர் திட்டவில்லை, நோட்டில் எழுதச் சொன்னார், மறுநாள் இன்னொரு பிரஸ்ஸின் ஸ்பிரிங்கையும் கழட்டிப் பார்த்தார்கள், அதிலும் மயிரிழை விரிசல். இரண்டையும் மாற்றிவிட்டு, இனி இத்தனை மாதத்துக்கு ஒருமுறை உடைந்தாலும் உடையாவிட்டாலும் மாற்றுவது என்று அதன் கீழேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் அந்த ஆயிரத்தில் பாதி நாள் இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. காலியான நோட்டும் பெரிய நம்பரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் எனக்குப் பயம்.

ஒரு சின்னக் குறை, உங்கள் மேல்தான். காற்றுக் குழாயை எங்கே வைத்தால் பீஸ் மாட்டாது என்று கண்டுபிடித்தது பேக்கிங்கில் இருக்கும் இரண்டு பெண்கள் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் படத்தில் அவர்கள் இல்லை. அடுத்த முறை போட்டோ எடுக்கும்போது அவர்களையும் கூப்பிடுங்கள், அந்த நோட்டையும் கையில் கொடுங்கள்.

– ஓய்வுபெற்ற டை செட்டர், அம்பத்தூர்