பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, போனில் வந்த குறுஞ்செய்திகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஞாயிறு இரவு மளிகைக் கடையில் யுபிஐயில் கொடுத்த 640 ரூபாய், யாரோ ஒருவர் பெயரில் பதிவாகியிருந்தது. பயந்துவிட்டேன். ஆனால் குறுஞ்செய்தியிலும் ஸ்டேட்மென்ட்டிலும் இருந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஒன்றேதான். கடைக்காரர் தன் சொந்தப் பெயரில் கணக்கு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கிரெடிட் கார்டில் தேதியும் ஓரிரு நாள் தள்ளி விழும், ஏனென்றால் கார்டைத் தேய்த்ததும் வருவது அனுமதிச் செய்தி மட்டுமே, கடையின் வங்கி பணத்தைக் கேட்டு வாங்கும்போதுதான் கணக்கில் பதிவாகிறது. ஆகவே தேதியும் பெயரும் மட்டும் மாறியிருந்தால் பதறத் தேவையில்லை.

ஆனால் 499 ரூபாய்ப் பதிவு ஒன்றுக்குக் குறுஞ்செய்தியே இல்லை, யுபிஐ செயலியின் வரலாற்றிலும் அந்த எண் இல்லை, நான் எதற்கும் ஆட்டோபே கொடுத்ததும் இல்லை. அன்றே வங்கியில் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொண்டேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையதோ நம்முடையதோ அல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. ஓடிபியை நாமே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் நம் தலையில்தான். அப்புறம், புகாருக்குக் குறுஞ்செய்தியில் வரும் தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள், கார்டின் பின்புறம் இருப்பதை அழையுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை