அலையியற்றியின் x(t): ஊசலாடுவது எண் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

குவாண்டம் இயற்பியல் பற்றிய கட்டுரையில், ஹைசன்பர்க் பார்வையில் நிலை அப்படியே நிற்க ஆபரேட்டர்தான் காலத்தோடு மாறும் என்று சொல்லிவிட்டு, "எனவே துகள் சுருள்வில்லில் கட்டிய குண்டு போல ஊசலாடுகிறது" என்று முடித்திருந்தீர்கள். அந்த "எனவே" எனக்குச் சரியாகப் படவில்லை.

கணக்கு சுலபமானதுதான். H = p²/2m + mω²x²/2 என எடுத்து, x-இன் மாற்ற வீதத்தை [x,H]/iħ என்று எழுதினால் p/m கிடைக்கிறது. அதே வழியில் p-இன் வீதம் −mω²x. இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால்

x(t) = x cos ωt + (p/mω) sin ωt

நியூட்டன் தரும் விடையேதான். ஆனால் வலப்பக்கம் உள்ள x, p இரண்டும் எண்கள் அல்ல, தொடக்க நேரத்து ஆபரேட்டர்கள். அடிநிலையில் x, p இரண்டின் சராசரியும் சுழி. ஆகவே x(t)-இன் சராசரியும் எப்போதும் சுழிதான். சரி, பரவலாவது ஊசலாடுமா? x(t)-ஐ வர்க்கப்படுத்தினால் cos² உறுப்போடு ħ/2mω வருகிறது, sin² உறுப்போடும் அதே ħ/2mω வருகிறது, குறுக்கு உறுப்புகளின் சராசரி ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. ஆக மொத்தம் ħ/2mω, மாறாமல். ஆபரேட்டர் ஆடிக்கொண்டே இருக்கிறது, அளக்கக்கூடிய சராசரியிலோ பரவலிலோ ஓர் அசைவும் இல்லை. (இங்கே நிலையையும் சேர்த்துக் காலத்தில் நகர்த்திவிடும் மாணவர்கள் உண்டு. அது ஒரே நகர்வை இரண்டு முறை எண்ணுவது.)

குண்டுக்கும் இதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு வெவ்வேறு நேரத்து இடங்களின் கம்யூட்டேட்டரைப் போட்டுப் பாருங்கள்:

[x(0), x(t)] = (iħ/mω) sin ωt

இப்போது இடத்தைத் துல்லியமாக அளந்தால் உந்தம் கலைகிறது. கால் சுற்று கழித்து x(t) என்பது p/mω-வேதான், அதனால் அந்தக் கலக்கம் முழுவதும் இடத்தில் வந்து நிற்கிறது. அரைச் சுற்றிலோ sin சுழியாகிவிடுகிறது, x(t) = −x(0). முதல் அளவீடு எவ்வளவு கலைத்திருந்தாலும், அரைச் சுற்றுக்கு ஒரு முறை மட்டும் அளந்தால் அதே எண்ணே குறி மாறி மாறி வரும். 1970களின் பிற்பகுதியில் ஈர்ப்பலைகளைப் பிடிக்கக் கனமான உலோக உருளைகளை நம்பியிருந்த காலத்தில், சோவியத் இயற்பியலாளர் பிராகின்ஸ்கி முதலானோர் இதையே ஓர் அளவீட்டு முறையாக முன்வைத்தார்கள். நிலைகளின் வழியே போனாலும் இதே விடைதான் வரும். ஆனால் அது ஒரே வரியில் கண்ணில் படுவது ஹைசன்பர்க் பார்வையில்தான்.

இன்னொன்று. இத்தனை அழகும் ஆற்றல் இருபடியாக இருக்கும்வரைதான். λx⁴ என்று ஓர் உறுப்பைச் சேர்த்தால் p-இன் வீதத்தில் −4λx³ நுழையும். x³-இன் சராசரி, சராசரியின் மும்மடி அல்ல. அப்புறம் x(t)-ஐ x, p இரண்டின் நேரியல் கூட்டாக எழுத முடியாது, சராசரியும் நியூட்டன் பாதையை விட்டு விலகும். கட்டுரையில் இருந்த "எந்த விசைக்கும் பொருந்தும்" என்ற வரியை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் வாசகர்