பிள்ளைக்குப் பணம் அனுப்பும்போது ஏ2 படிவத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புவோரிடம் வங்கிகள் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்கள் வரி விகிதத்தைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் அவர்களைப் பெரிதாகக் கடித்தது விகிதம் இல்லை, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பிய ஏ2 படிவத்தில் இருக்கும் ஒரு சின்னக் கட்டம்தான்.

அண்மையில் வந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். தனியார் நிறுவனத்தில் வேலை, மகள் அயர்லாந்தில் முதுநிலைப் படிப்பு. நிலம் விற்ற பணத்திலிருந்து ஆகஸ்டில் கல்லூரிக் கட்டணமாக 18 லட்சம் ரூபாய் அனுப்பினார். 2025-26 நிதியாண்டில் முதல் 10 லட்சத்துக்கு டிசிஎஸ் கிடையாது. மீதி 8 லட்சத்துக்கு, கல்வி என்பதால் 5 சதவீதம், அதாவது 40,000 ரூபாய் பிடித்தார்கள். சரி, அது விதிப்படிதான்.

நவம்பரில் மகளின் அறை வாடகைக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் 4 லட்சம் அனுப்பப் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் "செலவுக்குத்தானே சார்?" என்று கேட்டுவிட்டு, நோக்கக் குறியீடு என்ற கட்டத்தில் S1301 என்று போட்டுவிட்டார். அது குடும்பப் பராமரிப்புக்கான குறியீடு. கல்வி, மருத்துவம் தவிர மற்ற நோக்கங்களுக்கு 10 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். அந்த 10 லட்சம் ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டதால், 4 லட்சம் முழுவதற்கும் 80,000 ரூபாய் போய்விட்டது. படிப்புக்கான S0305 குறியீட்டில் அனுப்பியிருந்தால் 20,000 ரூபாய்தான். படிக்கும் காலத்து அன்றாடச் செலவு, போய்வர விமான டிக்கெட் எல்லாமே கல்விக்கான தொகையில் அடங்கும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

"திரும்பக் கிடைக்கும் பணம்தானே" என்பார்கள். கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்ட் வரும்வரை பணம் முடங்கிக் கிடக்கும். ஆகஸ்டில் பிடித்த தொகைக்கு அடுத்த ஏப்ரல் வரை வட்டியும் கிடையாது. சம்பளக்காரர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. 2024 அக்டோபரில் 12பிஏஏ என்று ஒரு படிவம் வந்தது. வங்கியின் பெயர், முகவரி, வரி பிடிப்போருக்கான டான் எண், பிடித்த தொகை ஆகியவற்றை எழுதி அலுவலகத்தில் கொடுத்தால், சம்பளத்தில் பிடிக்கும் வரியை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வார்கள். இவருக்கு மாதம் 30,000 ரூபாய் டிடிஎஸ். மொத்த டிசிஎஸ் 1,20,000. டிசம்பர் சம்பளத்துக்கு முன் படிவத்தைக் கொடுத்ததால் மார்ச் வரை நான்கு மாதமும் டிடிஎஸ் இல்லாமல் முழுச் சம்பளம். அவருடைய அலுவலக சம்பளப் பிரிவுக்கு அந்தப் படிவத்தின் பெயரையே நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, அது வேறு கதை.

ஓய்வுபெற்றவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. பிடிக்கிற டிடிஎஸ்ஸே சொற்பம் என்றால் கழிக்க என்ன இருக்கிறது? அவர்கள் அனுப்பும் முன்பே யோசிக்க வேண்டும். 10 லட்சம் என்பது பணம் அனுப்பும் ஒவ்வொருவரின் பான் எண்ணுக்கும் தனித்தனி. அப்பா 10 லட்சமும் அம்மா தன் கணக்கிலிருந்து 8 லட்சமும் அனுப்பியிருந்தால் அந்தக் கல்லூரிக் கட்டணத்துக்கு டிசிஎஸ்ஸே வந்திருக்காது. ஆனால் ஒருவரே இரண்டு வங்கிகள் வழியாக அனுப்பித் தப்பிக்க முடியாது, எல்லா வங்கியும் சேர்த்துத்தான் கணக்கு. வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் அறவே இல்லை.

சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் கதை வேறு. பேக்கேஜ் எடுத்தால் அந்த 10 லட்சச் சலுகை கிடையாது. 2025-26இல் முதல் ரூபாயிலிருந்தே 5 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20. விமான டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது.

என் வேண்டுகோள் இரண்டு. பணம் அனுப்ப வருபவரிடம் "பிள்ளை படிக்கிறதா?" என்று கேட்டு, எந்தக் குறியீட்டுக்கு எவ்வளவு டிசிஎஸ் என்று காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்கும்படி ரிசர்வ் வங்கி கிளைகளுக்குச் சொல்ல வேண்டும். நிறுவனங்கள், முதலீட்டுச் சான்றுகளைக் கேட்டு அனுப்பும் அதே மின்னஞ்சலில் இந்தப் படிவத்தையும் இணைத்து அனுப்ப வேண்டும். ஜனவரி முடிவதற்குள் செய்தால் அந்த நிதியாண்டுக்கே பலன் உண்டு; மார்ச் சம்பளம் போட்ட பிறகு அலுவலகத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
வரிக் கணக்கு எழுதும் ஒரு வாசகர்,
ஈரோடு