சிவிடி கோடு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் முதல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. நிஃப்டி ஃபியூச்சர், முந்தைய நாள் உச்சம், ஒரே நேரம். எங்கள் சிவிடி ஏறுகிறது. வேறொரு மென்பொருளில் இறங்குகிறது. 'டெல்டாவைக் கற்பனையில் போடுகிறார்கள்' என்று கீழே ஒரு வரி. அந்த வரி தைத்துவிட்டது. அதனால்தான் சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரகர் வழியே நமக்கு வரும் தரவில் ஒவ்வொரு வர்த்தகமும் தனித்தனியே வருவதில்லை. சிறு இடைவெளிகளில் கடைசி விலை, பிட், ஆஸ்க், அதுவரையான மொத்த வால்யூம் ஆகியவைதான் வருகின்றன. முந்திக்கொண்டு வாங்கியவரா விற்றவரா என்ற குறிப்பு அதில் கிடையாது. ஆகவே கடைசி விலை எந்தப் பக்கமோ, இடையில் கூடிய வால்யூம் முழுவதையும் அந்தப் பக்கத்தில் எழுதுகிறோம். இடையில் 900 கூடியது என்று வையுங்கள். உண்மையில் 700 ஆஸ்கிலும் 200 பிட்டிலும் நடந்து, கடைசி வர்த்தகம் பிட்டில் முடிந்திருந்தால், +500 வர வேண்டிய டெல்டா −900 என்று பதிவாகும். இரு மென்பொருள்கள் தரவைப் பெறும் கணம் சற்று மாறினாலே கோடுகள் பிரிந்துவிடும். அன்று எங்கள் கோடுதான் சரி என்று சொல்ல ஆசைதான், சொல்ல முடியாது.

அப்சார்ப்ஷன் நடக்கும் இடத்தில்தான் இந்தப் பிழை பெருகும். விலை நகராமல் பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடையே துடித்துக்கொண்டிருப்பது அங்கேதான்.

ஆனால் பாரின் மொத்த வால்யூம் ஊகமல்ல. அதே படத்தைப் பாருங்கள். உச்சத்தில் இரண்டு ஐந்து நிமிட பார்களில் வால்யூம் அதற்கு முந்தைய பார்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. விலையோ நான்கு புள்ளிகூட மேலே போகவில்லை. யாரோ லிமிட் ஆர்டர்களில் எதிரே நிற்கிறார்கள் என்பதற்கு டெல்டா தேவையே இல்லை. அவர்கள் நின்றார்களா, தீர்ந்துபோனார்களா என்பது அடுத்த பாரில்தான் தெரியும். அன்று மூன்றாவது பார், அவ்விரண்டின் தாழ்வையும் உடைத்து முடிந்தது. மாறாக உச்சத்துக்கு மேலே முடிந்து அங்கேயே தங்கியிருந்தால், விற்றவர் தீர்ந்தார் என்று பொருள். ஃபுட்பிரிண்டில் அதுவரை பார்த்த அதே எண்கள் அப்போது ஏற்றத்துக்கான எண்களாகிவிடும்.

இனி, ஒரே இடைவெளியில் பெரிய வால்யூம் வந்து பிட், ஆஸ்க்கும் மாறியிருந்தால் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் தெரியும். இதைச் செய்துகொண்டிருந்த எங்கள் நிரலாளர் சென்ற மாதம் விலகிவிட்டதால்தான் தாமதம்.

படத்தைப் பரப்பாமல் முதலில் தொலைபேசியில் கேட்ட உங்களுக்கெல்லாம் மனமார்ந்த நன்றி. அடுத்த மாதம் முதல் சந்தா 1,200 ரூபாய்க்குப் பதில் 1,450 ரூபாய்.

அன்புடன்,
உரிமையாளர்