பவர் பேங்க் ஒப்பீட்டுக் காணொளி எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இரண்டு பவர் பேங்குகளை அருகருகே வைத்து, ஒரே போனை இரண்டாலும் சார்ஜ் செய்து காட்டி, "இதுதான் அதிக நேரம் தாங்குகிறது" என்று முடிக்கும் காணொளிகள் வந்தபடியே இருக்கின்றன. இவற்றை எடுப்பவர்களில் பலர் நேர்மையானவர்கள்தான். ஆனால் எழுதிய ஸ்கிரிப்ட் அவர்கள் அளந்ததைவிட அதிகமாகப் பேசிவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் பெட்டியில் உள்ள எண். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதாவது 10 ஆம்பியர்-மணி. அதை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. வெளியே வருவதோ 5 வோல்ட். எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் அங்கே 7,400 எம்ஏஎச்தான் கிடைக்கும். வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட்டும் ஒரு பங்கைச் சூடாக்கி வீணாக்கும். ஆகவே "பத்தாயிரம் என்று போட்டு ஆறாயிரம்தான் தருகிறான்" என்று ஸ்கிரிப்டில் எழுதுவது பார்ப்பவரைத் தவறான கோபத்துக்குத் தூண்டுவதாகும். இரண்டையும் வாட்-மணியில் ஒப்பிடுங்கள், இந்தக் குழப்பமே எழாது.

அடுத்து, போனை அளவுகோலாக வைக்காதீர்கள். எண்பது சதவீதத்தைத் தாண்டியதும் போன் தானாகவே மெதுவாக இழுக்கும். திரை எரிந்தால் கணக்கு மாறும். ஒரு பவர் பேங்க் 9 வோல்ட் வேகச் சார்ஜுக்கு ஒத்துப்போய், மற்றது 5 வோல்ட்டிலேயே நின்றால், நீங்கள் கொள்ளளவை அல்ல, போனுடன் நடக்கும் பேச்சுவார்த்தையைத்தான் ஒப்பிடுகிறீர்கள். சீராக 2 ஆம்பியர் இழுக்கும் எலக்ட்ரானிக் லோடும், ஒரு யுஎஸ்பி மீட்டரும் போதும். மீட்டரைப் பவர் பேங்கின் வாயிலிலேயே செருகுங்கள். கேபிளுக்கு அந்தப் பக்கம் வைத்தால், 0.2 ஓம் மின்தடை உள்ள கேபிள் 2 ஆம்பியரில் 0.8 வாட்டைத் தின்றுவிடும். பத்து வாட்டில் அது எட்டு சதவீதம்! அதனதன் பெட்டியில் வந்த கேபிளையே ஒவ்வொன்றுக்கும் போட்டவர்கள் பல நேரம் கேபிளுக்குத்தான் பரிசு கொடுத்திருப்பார்கள்.

முழுச் சார்ஜ், ஒரு மணி நேர ஓய்வு, தானாக அணையும்வரை லோடு. ஒவ்வொன்றையும் மூன்று முறை, ஒரே அறை வெப்பத்தில், வரிசையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இப்போது ஸ்கிரிப்ட் எழுதும் இடத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு, முதல் பவர் பேங்க் 31.2, 31.6, 31.0 வாட்-மணி தந்தது, இரண்டாவது 32.1, 31.5, 32.3 தந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 31.3-உம் 32.0-உம். வித்தியாசம் 0.7. ஆனால் இரண்டாவதே தன் மூன்று ஓட்டங்களுக்குள் 0.8 ஆடியிருக்கிறது, அதன் மிகக் குறைந்த எண் முதலாவதின் மிக உயர்ந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறது. இந்தத் தரவை வைத்து வெற்றியாளரை அறிவிக்க முடியாது. இங்கே நாங்கள் கேட்கும் வரி இப்படி இருக்கும்: "இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். நாங்கள் பார்த்த இரண்டு சதவீத வித்தியாசம் எங்கள் அளவீட்டின் ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு மாடலிலும் ஒரே ஒன்றைத்தான் சோதித்தோம், உங்கள் கைக்கு வருவது சற்று மாறலாம்."

அந்த வரியை எண் திரையில் இருக்கும்போதே சொல்லுங்கள். கடைசிப் பத்து நொடியில் சொன்னால், பாதியில் வெளியேறியவருக்கு அளவீட்டின் வரம்பு சொல்லப்படாத தீர்ப்பு மட்டுமே போய்ச்சேரும். வரைபடத்தையும் கவனியுங்கள். அச்சை 31-இல் தொடங்கினால் ஒரு பட்டை 0.3 உயரம், மற்றது 1.0 உயரம். இரண்டு சதவீதம் கண்ணுக்கு மூன்று மடங்காகத் தெரியும். பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள். வரைபடம் சலிப்பாகத் தெரிந்தால், முடிவே சலிப்பானதுதான் என்று அர்த்தம்.

கொள்ளளவு சமம் என்றானபின் காணொளியில் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். இயர்பட் போல மிகக் குறைவாக இழுக்கும் கருவியைச் செருகினால், சில பவர் பேங்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பாதியில் அணைந்துவிடும். லோடை 200 மில்லி ஆம்பியரில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு அளவிலும் சில நிமிடம் காத்திருந்தால் எந்த இடத்தில் அணைகிறது என்று தெரிந்துவிடும். வாங்குபவருக்கு 0.7 வாட்-மணியைவிட இது பெரிய வித்தியாசம்.

சோதிக்காததையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்: ஒரு வருடப் பயன்பாட்டுக்குப்பின் செல் எவ்வளவு தேயும், கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பவை மூன்று ஓட்டத்தில் தெரியாது. "நீடித்து உழைக்கும்" என்ற சொல் ஸ்கிரிப்டில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

பொருளை யார் தந்தார்கள், கடையில் வாங்கியதா, நிறுவனம் அனுப்பியதா என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். நிறுவனம் அனுப்பியது பொறுக்கி எடுத்த பொருளாக இருக்கலாம். விளக்கப் பெட்டியில் மாடல் எண், சோதித்த தேதி, லோடு அளவு, மீட்டர், ஆறு ஓட்டங்களின் எண்கள் ஆகியவற்றைப் போடுங்கள். யாராவது அதே முறையில் சோதித்து வேறு எண் எடுத்தால், பழைய காணொளியில் முதல் பின்னூட்டமாக அதைப் பொருத்தி வையுங்கள்.

அன்புடன்,
மின்கருவிகளை அளந்து பார்க்கும் சிலர்